கடலைப் பொட்டலம் எத்தனை முறை சுழன்றது?

கடலைப் பொட்டலத்தைக் காலி செய்த பிறகு அந்தக் காகிதக் கூம்பை மேசைமேல் படுக்கவைத்து ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பந்து போல நேராக ஓடாது. கூர்முனை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்க, வாய்ப்பக்கம் மட்டும் அதைச் சுற்றி வலம் வரும். என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பில் கூம்பின் புறப்பரப்புக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், இப்படி ஒரு கூம்பை உருட்டிவிட்டு என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, இது ஒரு தடவை வட்டமடிச்சு வர்றதுக்குள்ள தன்னைத்தானே எத்தனை தடவை சுத்துது?"

எளிய கேள்வி போலத்தான் தெரிந்தது. ஆனால் அதற்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றும் சரியானவை. ஏன் மூன்று என்பதைப் புரிந்துகொள்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

கடைப் பொட்டலம் கோணலாக இருக்கும். அதனால் ஒழுங்கான கூம்பு ஒன்றைச் செய்துகொண்டோம். சார்ட் தாளில் 10 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டம் வரைந்து வெட்டினோம். அதன் நேர்விளிம்பின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்தி உள்பக்கமாக டேப் ஒட்டினோம். ஒரு விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடத்தில் ஒரு மேடு உண்டாகி, ஒவ்வொரு சுழற்சியிலும் கூம்பு துள்ளும். இப்படிச் செய்த கூம்பின் சாயுயரம் 10 செ.மீ. வாயின் சுற்றளவு அரைவட்ட வில்லின் நீளமேதான். ஆகவே வாயின் ஆரம் சாயுயரத்தில் சரிபாதி, 5 செ.மீ. கூம்பு மேசைமேல் படுத்திருக்கும்போது அதன் நடு அச்சு மேசையோடு 30 பாகை சாய்ந்து நிற்கும். ஐந்தைப் பத்தால் வகுத்தால் அரை. 30 பாகையின் சைன் மதிப்பும் அரைதான்.

முனையிலிருந்து விளிம்பு வரை கூம்பின்மேல் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு ஒன்று போட்டோம். மை காய்வதற்குள் வெள்ளைத் தாளின்மேல் வைத்து, முனையை விரல்நுனியால் லேசாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினாள். ஒரு முழு வட்டம் வந்ததும் தாளில் இரண்டு கோடுகள் பதிந்திருந்தன. இரண்டும் ஒரே நேர்கோட்டில், முனைக்கு எதிரெதிர்ப் பக்கங்களில்.

"ரெண்டு தடவை" என்றாள். காரணத்தையும் அவளே சொன்னாள். கூம்பின் வாய் மேசைமேல் 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் ஓடுகிறது. வாயின் சொந்த ஆரமோ 5 செ.மீ. நழுவாமல் உருண்டால், வாயின் சுற்றளவு அந்தப் பெரிய வட்டத்தில் சரியாக இரண்டு முறை அடங்கும்.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். எனக்குப் பிடித்த விதம் அதுதான். கூம்பு என்பது சுருட்டப்பட்ட அரைவட்டம். அது நழுவாமல் உருள்வதென்றால், சுருட்டிய காகிதத்தைத் துளித்துளியாக மேசைமேல் விரிப்பதற்குச் சமம். ஒருமுறை முழுதாகச் சுழன்றால் மேசையில் ஓர் அரைவட்டம் அச்சாகிவிடும். முழு வட்டத்தை நிரப்ப இரண்டு அரைவட்டங்கள் வேண்டும். கால்வட்டத்தைச் சுருட்டிச் செய்த கூம்பு நான்கு முறை சுழன்றாக வேண்டும். முக்கால் வட்டத்தில் செய்தது ஒரு வலத்தில் ஒன்றேகால் சுழற்சியையும் தாண்டிவிடும். துல்லியமாகச் சொன்னால் மூன்று வலங்களுக்கு நான்கு சுழற்சிகள். அதனால் அந்தக் கூம்பின் மைக்கோடு முதல் வலம் முடியும்போது புறப்பட்ட இடத்தில் வந்து பதியாது. மூன்றாவது வலம் முடியும்போதுதான் பதியும்.

முனைக்கருகில் உள்ள சின்ன வளையமும் விளிம்பில் உள்ள பெரிய வளையமும் ஒரே உடலின் பாகங்கள். ஒரே எண்ணிக்கையில்தான் சுழல முடியும். இருந்தும் இரண்டும் நழுவாமல் எப்படி உருள்கின்றன? முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்கும் வளையத்தின் ஆரம் 1 செ.மீ.; அது ஓடவேண்டிய வட்டத்தின் ஆரம் 2 செ.மீ. முனையிலிருந்து 8 செ.மீ. தள்ளியிருப்பதற்கு முறையே 4, 8. எங்கே பார்த்தாலும் விகிதம் இரண்டுதான். இந்த விகிதம் மாறாமல் இருப்பதால்தான் கூம்பின் முழு நீளமும் ஒரு மயிரிழைகூடத் தேயாமல் மேசைமேல் உருள்கிறது.

முதல் விடை ஆயிற்று. கூம்பின்மேல் போட்ட குறி மேசையைத் தொடும் தடவைகளை எண்ணினால் விடை இரண்டு. இதைப் பொதுவாக எழுதினால்:

s = Ω / sin α

இதில் Ω என்பது வலம் வரும் வேகம், s என்பது கூம்பு தன் அச்சைச் சுற்றிச் சுழலும் வேகம், α என்பது அச்சு மேசையோடு செய்யும் கோணம். நம் கூம்புக்கு sin α = ½.

இப்போது இரண்டாவது விடை. கூம்புக்குள் ஒரு கைப்பேசியை அச்சோடு இணையாக வைத்துக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சுழற்சியை அளக்கும் கைரோ உணரி இப்போது பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. கூம்பு நொடிக்கு ஒரு வலம் வந்தால், அச்சைச் சுற்றிய சுழற்சியாக அந்த உணரி நொடிக்கு இரண்டு என்று காட்டாது. ஒன்றரை என்றுதான் காட்டும்.

அரைச் சுற்று எங்கே போனது? கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருவதை நினைத்துப் பாருங்கள். நின்ற இடத்தில் நீங்கள் சுழலவில்லை, நடக்க மட்டுமே செய்தீர்கள். ஆனாலும் ஒரு சுற்று முடிவதற்குள் உங்கள் முகம் நான்கு திசைகளையும் பார்த்துவிடுகிறது. அதாவது, வலம் வருவதே உடலை ஒருமுறை திருப்பிவிடுகிறது. கூம்புக்கும் அப்படித்தான். மேசையைத் தொடும் தடவைகளை எண்ணியபோது, கூம்போடு கூடவே வலம் வருபவரின் கண்ணால் எண்ணினோம். உணரிக்கு அப்படிப்பட்ட கூட்டாளி யாரும் இல்லை. அசையாத அறையை வைத்து அது அளக்கிறது. எனவே வலத்தால் உண்டான திருப்பத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சேர்ப்பதா, கழிப்பதா? மேலிருந்து பார்க்கும்போது கூம்பு இடஞ்சுழியாக வலம் வருகிறது என்போம். அதே நேரம் வட்டத்துக்கு வெளியே நின்று அதன் வாயைப் பார்த்தால், கூம்பு வலஞ்சுழியாக உருண்டு போவது தெரியும். இரண்டும் எதிரெதிர். ஆகவே கழிக்க வேண்டும். எவ்வளவு? அச்சு செங்குத்தாக நின்றிருந்தால் முழு ஒன்றையும் கழிக்கலாம். அச்சு கிடையாக இருந்தால் எதுவும் இல்லை. 30 பாகை சாய்ந்திருப்பதால் பாதி. இரண்டிலிருந்து அரை போக ஒன்றரை.

மூன்றாவது விடைக்கு, கூம்பு மேசையைத் தொடும் கோட்டை மட்டும் பார்ப்போம். நழுவாமல் உருள்வதென்றால் அந்த நொடியில் அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அசையாமல் நிற்கிறது என்று பொருள். ஒரு திடப்பொருளில் ஒரு கோடு முழுவதும் அசையாமல் நின்றால், அந்தக் கோட்டையே அச்சாகக் கொண்டு திரும்புவது தவிர அதற்கு வேறு இயக்கம் கிடையாது. கதவும் கீலும் போல. கூம்பின் உண்மையான அச்சு, அந்த நொடியில், அதன் நடுவே ஓடுவதல்ல. மேசைமேல் படுத்திருக்கும் இந்தக் கோடுதான். அடுத்த நொடியில் வேறொரு கோடு கீலாக மாறிவிடும்.

இந்த ஒரு செய்தியிலிருந்தே எல்லாமும் வந்துவிடுகிறது. கீல் கிடைமட்டமாக இருக்கிறது. எனவே கூம்பின் மொத்தச் சுழற்சியில் செங்குத்துப் பங்கு சுழியாக இருக்க வேண்டும். வலம் வருவது முழுக்கச் செங்குத்துச் சுழற்சி. அதன் அளவு 1. தற்சுழற்சி 30 பாகை சாய்ந்தது. அதன் செங்குத்துப் பங்கு பாதி, அதுவும் எதிர்த்திசையில். ஒன்றை ஒன்று ஈடுகட்ட வேண்டுமானால் தற்சுழற்சி 2 ஆக இருந்தே தீரவேண்டும். சுற்றளவுகளை வகுக்காமலே அதே விடை! கிடைமட்டமாக மிஞ்சுவது இரண்டின் கொசைன் பங்கு, அதாவது 1.732. இதுதான் மொத்தச் சுழற்சி வேகம். கைப்பேசி உணரி மூன்று திசைகளிலும் அளந்ததைச் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்தான் வரும்.

ஆக, 2, 1.5, 1.732. பாடப்புத்தகக் கணக்குகளில் மாணவர்கள் இடறி விழும் இடம் இது. 'கோணத் திசைவேகம் என்ன?' என்று கேட்டால், யாரைப் பொறுத்து, எந்த அச்சைச் சுற்றி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இயக்க ஆற்றலைக் கணக்கிடும்போது 2 என்ற எண்ணை அச்சைச் சுற்றிய முழுச் சுழற்சியாக எடுத்துக்கொண்டால் விடை தவறிவிடும். அங்கே 1.5 வேண்டும்.

கூம்பு ஒல்லியாகும்போது இந்தச் சிக்கல் கரைந்துவிடும். வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரை அளந்தோம். வாய் விட்டம் 7 செ.மீ., அடி விட்டம் 5 செ.மீ., சாய்ந்த பக்கத்தின் நீளம் 9 செ.மீ. டம்ளரும் கூம்புதான், முனை வெட்டப்பட்ட கூம்பு. 9 செ.மீ. நீளத்தில் ஆரம் 1 செ.மீ. குறைகிறது. வாயின் ஆரமான 3.5 செ.மீ. முழுவதும் குறைந்து ஒரு புள்ளியாக வேண்டுமானால் 31.5 செ.மீ. போக வேண்டும். இல்லாத அந்த முனையைச் சுற்றித்தான் டம்ளர் வட்டமடிக்கும். ஒரு வலத்துக்கு 31.5-ஐ 3.5-ஆல் வகுத்தால் 9 சுழற்சிகள். இங்கே மூன்று விடைகளும் 9, 8.89, 8.94. அளவுகோலும் கண்ணும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

தரையில் சாக்பீஸால் 31.5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு டம்ளரை உருட்டினாள். வாய் முதலில் கோட்டோடு ஒட்டி ஓடியது. பாதி வட்டம் வருவதற்குள் உள்பக்கமாக மூன்று செ.மீ. வரை விலகிவிட்டது. முகம் வாடிவிட்டது. கணக்கில் தவறில்லை, அளவில்தான் தவறு. அடி விட்டத்தை மறுபடி அளந்தபோது 4.9 செ.மீ. வந்தது. இரண்டு விட்டங்களின் வித்தியாசம் 2 செ.மீ. மட்டுமே என்பதால், அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வட்டத்தின் ஆரம் 31.5-லிருந்து 30-க்கு இறங்கிவிடும். அதனால் இதைத் தலைகீழாகச் செய்வதே புத்திசாலித்தனம். டம்ளரை உருட்டி வட்டத்தை அளந்துகொண்டு, அதிலிருந்து டம்ளரின் சரிவைக் கணக்கிடலாம். தரை சமமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டம் இருந்தால் டம்ளர் பள்ளத்தைத் தேடிப் போய் அங்கேயே ஆடிக்கொண்டு நிற்கும்.

எதிர்ப்பக்கம் போனால் விந்தை கூடுகிறது. கிட்டத்தட்ட முழு வட்டத்தையே எடுத்து, மெல்லிய ஒரு கீற்றை மட்டும் நீக்கிச் சுருட்டினால் தட்டையான தொப்பி போன்ற கூம்பு கிடைக்கும். அது ஒரு வலம் வரும்போது குறி மேசையைத் தொடுவது ஏறக்குறைய ஒரே ஒரு முறை. ஆனால் உணரியின் கணக்கிலோ சுழற்சி சுழியை நெருங்கிவிடும். இதன் நெருங்கிய உறவை நம் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். கைதவறி விழுந்த எவர்சில்வர் தட்டு தடதடவென்று ஆடி அடங்கும் கடைசி நொடிகளில், தரையைத் தொடும் இடம் வெறிபிடித்தாற்போல் சுற்றி ஓடும். தட்டில் வெட்டியிருக்கும் பெயரோ ஏறக்குறைய அப்படியே நிற்கும், எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

இதுவரை 'நழுவாமல்' என்ற சொல்லைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் அளவிலேயே, 10 செ.மீ. சாயுயரத்தில், மரத்தில் கடைந்த கெட்டியான கூம்பை எடுத்துக்கொள்வோம். அதன் எடைமையம் முனையிலிருந்து கிடைமட்டமாக 5.6 செ.மீ. தள்ளி இருக்கும். அது வட்டத்தில் ஓடவேண்டுமானால் யாராவது உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முனையை யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் அந்த வேலையைச் செய்யக்கூடியது மேசையின் உராய்வு மட்டும்தான். உராய்வு எண் 0.4 என்று வைத்துக் கணக்கிட்டால், நொடிக்கு சுமார் 1.3 வலம் வரை கூம்பு தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் வெளிப்பக்கமாக நழுவிவிடும். நழுவியதைக் கண்டுபிடிப்பது எளிது. மைக்கோடுகள் எதிரெதிராகப் பதியாமல் விலகும். கோட்டின் ஓரம் கூர்மையாக இல்லாமல் இழுபட்டிருக்கும்.

ரப்பர் விரிப்பு போட்டு நழுவலைத் தடுத்துவிட்டால் வேறொன்று நடக்கும். நொடிக்கு 1.9 வலத்தை நெருங்கும்போது கூம்பின் முனை மேசையை விட்டு எழும்பும். கூம்பின் சுழற்சி ஒவ்வொரு கணமும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அப்படித் திருப்பிவிடுவதற்கு ஒரு முறுக்கம் வேண்டும். விளிம்புப் பக்கமாகக் கூடுதலாகத் தாங்குவதன் மூலம் மேசை அதைத் தருகிறது. வேகம் ஏற ஏறத் தாங்கும் இடம் வெளியே வெளியே நகர்ந்து, கடைசியில் முழு எடையும் விளிம்பின்மேல் வந்துவிடுகிறது. அதற்கு மேல் நகர இடமில்லை.

உருளும் கூம்பு மேசைமேல் மட்டும் இருக்கும் சங்கதி அல்ல. லாரிச் சக்கரத்தின் நடுவே டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். மெக்கானிக் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவும்போது எட்டிப் பாருங்கள். உருளைகள் நேராக இல்லாமல் நம் டம்ளர் போல ஒருபக்கம் ஒடுங்கி இருக்கும். குதிரை வண்டிகள் செய்துவந்த அமெரிக்கரான ஹென்றி டிம்கென் 1898-ல் இவ்வகை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உருளைகளின் பக்கங்களையும், அவை ஓடும் வளையங்களின் பக்கங்களையும் மனத்தால் நீட்டிப் பார்த்தால், எல்லாக் கோடுகளும் சக்கரத்தின் நடு அச்சில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளிதான் கடலைப் பொட்டலத்தின் முனை. அது ஒரே புள்ளியாக இருப்பதால்தான், முனையிலிருந்து 2 செ.மீ. ஆனாலும் 8 செ.மீ. ஆனாலும் விகிதம் மாறாத அந்த ஒழுங்கு இங்கேயும் கிடைத்து, உருளை தன் முழு நீளத்திலும் தேயாமல் உருள்கிறது. முனைகள் விலகினால் உருளையின் ஒரு பகுதி நழுவி உரசும், பேரிங் சூடேறும்.

ஆனாலும் ஓர் இடத்தில் மட்டும் நழுவலைத் தவிர்க்க முடியவில்லை. சுமை ஏறும்போது, ஒடுங்கிய உருளை பெரிய முனைப்பக்கமாகப் பிதுங்கி வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்க உள்வளையத்தில் ஒரு சிறிய வரம்பு வைத்திருப்பார்கள். உருளையின் அடிப்பரப்பு அந்த வரம்போடு உரசிக்கொண்டேதான் ஓடவேண்டும். டேப்பர் ரோலர் பேரிங்கில் கிரீஸ் வற்றினால் பெரும்பாலும் முதலில் காந்திப்போவது அந்த வரம்புதான்.